200 பேர், 3,300 தட்டு: மெஸ் கமிட்டி நிராகரிக்க முடியாத கடிதம் எழுதுவது எப்படி?

ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்குப் போகும் கடிதங்களில் பெரும்பாலானவை புகார்கள். 'சாம்பார் தண்ணியா இருக்கு', 'பொரியல் பத்தல', 'சோறு மிஞ்சுது, பில் ஏறுது.' கமிட்டி படித்துவிட்டு 'மேனேஜர் கவனத்துக்கு' என்று எழுதி ஃபைலில் வைத்துவிடும். புகாருக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது.

அளவுகளை முன்மொழியும் கடிதம் வேறு வகை. 'வாரத்துக்கு இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிலோ பருப்பு, இத்தனை கிலோ காய்கறி வாங்கலாம். கணக்கு இதோ' என்று வந்தால் கமிட்டி உட்கார்ந்து பேசியாக வேண்டும். அடுத்த வருடம் மெஸ் செக்ரட்டரி ஆக நினைப்பவர், பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் 'நீங்களாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் விழிக்கக் கூடாது என்று நினைப்பவர், டிவைடிங் சிஸ்டத்தில் மெஸ் பில்லைக் கட்டுக்குள் வைக்க நினைப்பவர் என மூவருக்கும் இந்தக் கடிதம் பயன்படும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆண்கள் விடுதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் 200 மாணவர்கள். மூன்று வேளையும் விடுதியிலேயே சாப்பாடு. இப்போது வாரத்துக்குச் சாப்பாட்டு அரிசி 300 கிலோ, துவரம் பருப்பு 22 கிலோ, வெங்காயம் தக்காளி நீங்கலாகக் காய்கறி 220 கிலோ வாங்குகிறார்கள். சோறு மிஞ்சுகிறது, சாம்பார் நீர்த்துப்போகிறது, கடைசிப் பந்திக்குப் பொரியல் இல்லை. இந்த எண்கள் மாதிரிக்காக வைத்தவை. உங்கள் விடுதியின் எண்களைப் போட்டாலும் கணக்குப் போடும் முறை இதேதான்.

1. தலையை எண்ணாதீர்கள், தட்டை எண்ணுங்கள்

முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. 200 மாணவர், 7 நாள், ஆக வேளைக்கு வாரம் 1,400 சாப்பாடு என்று எழுதிவிடுகிறார்கள். எந்த விடுதியிலும் 1,400 தட்டு விழுவதில்லை. காலையில் தூங்குகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஞாயிறு ராத்திரிதான் திரும்புவார்கள்.

ஒரு வாரம் வாசலில் நின்று எண்ணுங்கள். பயோமெட்ரிக் அல்லது கையெழுத்து நோட்டு இருந்தால் அதிலிருந்து எடுங்கள். மெஸ் பணியாளர்களின் தட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள், ஆனால் நோட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

நம் உதாரண விடுதியில் எண்ணிப் பார்த்தால் இப்படி வருகிறது. காலை: திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 160, சனி ஞாயிறு தினம் 100, மொத்தம் 1,000. மதியம்: வேலை நாளில் 190, சனி ஞாயிறு 120, மொத்தம் 1,190. இரவு: திங்கள் முதல் வியாழன் வரை 180, வெள்ளி சனி 110, ஞாயிறு 170, மொத்தம் 1,110. மூன்றையும் கூட்டினால் 3,300 தட்டு. தலைக்கணக்குப்படி 4,200. வாரத்துக்கு 900 தட்டு யாருமே சாப்பிடாத சாப்பாடு.

இந்த ஒரு எண்ணைச் சரியாகப் பிடித்துவிட்டால் கடிதத்தின் பாதி வேலை முடிந்தது. கமிட்டியில் யாரும் அதை மறுக்க முடியாது. சந்தேகம் இருந்தால் நாளைக்கே வந்து எண்ணிப் பார்க்கலாம்.

2. தட்டுக்கு எத்தனை கிராம் என்பதை உலையில் இருந்து எடுங்கள்

அடுத்து, ஒரு தட்டுக்கு எவ்வளவு அரிசி? நெட்டில் தேடினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். மாஸ்டரைக் கேட்டால் படிக் கணக்கிலோ அன்னக்கூடைக் கணக்கிலோ சொல்வார். அவர் கணக்கு தவறல்ல. அது கிராமில் இல்லை, அவ்வளவுதான். 'அண்ணே, நீங்க அளக்கிற படியை ஒரு தடவை தராசுல வெச்சுப் பாத்துக்கலாமா?' என்று கேளுங்கள். கோபப்படாமல் கொடுப்பார். 'அரிசி அதிகமா போடுறீங்க' என்று ஆரம்பித்தால் அதோடு அந்தச் சமையலறைக் கதவு உங்களுக்கு மூடிவிடும்.

பிறகு மூன்று நாள் இப்படி அளக்க வேண்டும். உலையில் போடும் அரிசியை எடை போடுங்கள். வடித்த சோற்றை எடை போடுங்கள். பந்தி முடிந்ததும் பாத்திரத்தில் மிஞ்சிய சோற்றை எடை போடுங்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் 32 கிலோ புழுங்கலரிசி போட்டார்கள், 86 கிலோ சோறு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு கிலோ அரிசிக்கு 2.7 கிலோ சோறு. மிஞ்சியது 15 கிலோ சோறு. அதை 2.7-ஆல் வகுத்தால் சுமார் 5.6 கிலோ அரிசி. ஆக உண்மையில் சாப்பிட்டது 26.4 கிலோ அரிசி. 190 தட்டால் வகுத்தால் தட்டுக்கு 139 கிராம். கடிதத்தில் 140 என்று எழுதலாம்.

மிஞ்சிய சோற்றை அரிசியாக மாற்றாமல் 'தினம் 15 கிலோ வீணாகிறது, 15 கிலோ குறைக்கலாம்' என்று எழுதினால் மறுநாளே மூன்றில் ஒருவருக்குச் சோறு இருக்காது. சோற்றுக் கிலோவும் அரிசிக் கிலோவும் ஒன்றல்ல. இதில் தவறினால் கமிட்டி உங்கள் அடுத்த கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காது. இந்த 2.7 என்பதும் அரிசிக்கு அரிசி மாறும். பழைய அரிசி அதிகம் காணும், புது அரிசி குழையும். மில் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.

பந்தி முடியும் முன்பே பாத்திரம் காலியான நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அன்று எவ்வளவு சாப்பிட்டிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இருந்ததைச் சாப்பிட்டார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

3. இரண்டு வாளி வையுங்கள்

பாத்திரத்தில் மிஞ்சுவது வேறு, தட்டில் விட்டு எழுந்திருப்பது வேறு. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டினால் காரணம் தெரியாமல் போகும்.

பாத்திரத்தில் மிஞ்சினால் அளவு அதிகம். இண்டென்ட்டைத் திருத்த வேண்டும். தட்டில் மிஞ்சினால் ருசியோ, பரிமாறும் விதமோ, மெனுவோ காரணம். வாங்கும் அளவைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. சின்னக் கரண்டி வைப்பது, இரண்டாம் முறை கேட்டு வாங்கச் சொல்வது, யாருக்கும் பிடிக்காத கூட்டை மாற்றுவது ஆகியவைதான் வழி. உங்கள் கடிதம் அளவைப் பற்றியது. தட்டுக் கழிவைத் தனியாகக் குறித்து, இதை மெனு கூட்டத்தில் பேசலாம் என்று ஒரு வரி எழுதி விட்டுவிடுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டு சண்டை வேண்டாம்.

4. பருப்புக்கு ஒரு அளவுகோல் காட்டுங்கள்

அரிசியைக் குறைக்கச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். பருப்பைக் கூட்டச் சொன்னால் உடனே 'எதற்கு?' என்று கேட்பார்கள். பதில் தயாராக இருக்க வேண்டும்.

நம் விடுதியில் மதியச் சாம்பார் வாரத்தில் ஐந்து நாள்: திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி. மொத்தம் 880 தட்டு. இட்லி, பொங்கலுக்கு டிபன் சாம்பார் 480 தட்டு. தட்டுக்கு 12 கிராம் வைத்தால் சுமார் 6 கிலோ. சாம்பார் இல்லாத நாள் ரசத்துக்கு 2 கிலோ. இப்போது வாங்குகிற 22 கிலோவில் இந்த 8 கிலோ போனால் மதியச் சாம்பாருக்கு மிச்சம் 14 கிலோ. 880 தட்டுக்குப் பிரித்தால் தட்டுக்கு 16 கிராம். சாம்பார் ஏன் தண்ணீராக ஓடுகிறது என்பதற்கு இதுதான் விடை. மாஸ்டர் கையில் குறை இல்லை, ஸ்டோரில் இருந்து வரும் பருப்பிலேயே குறை.

இப்போது அளவுகோல். ஒன்றிய அரசின் பி.எம். போஷண் பள்ளி மதிய உணவு நெறிமுறையில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குத் தானியம் 150 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி 75 கிராம். அது கல்லூரி விடுதியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆறாம் வகுப்புப் பையனுக்கு 30 கிராம், 20 வயது மாணவனுக்கு 16 கிராம் என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

உடனே 30 கேட்காதீர்கள். 25 கேளுங்கள். 16-லிருந்து 25 என்பது சாம்பாரின் கெட்டியில் எல்லாருக்கும் தெரியும் அளவு மாற்றம். செலவிலும் தாங்கும். 880 தட்டுக்கு 22 கிலோ, டிபனுக்கும் ரசத்துக்கும் 8 கிலோ; மொத்தம் 30 கிலோ துவரம் பருப்பு.

5. காய்கறியில் வாங்கும் எடையையும் நறுக்கிய எடையையும் பிரியுங்கள்

காய்கறியில் நடக்கும் தவறு அரிசிக்கு நேர்மாறு. அரிசி வெந்தால் கூடும், காய்கறி நறுக்கினால் குறையும். வாழைக்காயில் தோல் போனால் பத்தில் ஆறு பங்குதான் மிஞ்சும். கீரையில் வேரும் தண்டும் போனால் பாதி தேறினாலே பெரிது. பூசணியில் தோலும் விதையும் கணிசமாகப் போகும். கத்தரி, பீன்ஸ், கேரட்டில் சேதம் குறைவு. எல்லாம் கலந்து வாங்கும்போது நூறு கிலோவில் எண்பது கிலோ பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக் கணக்குப் போடலாம். கீரையும் வாழைக்காயும் அதிகம் வரும் வாரத்தில் இன்னும் குறைத்து வையுங்கள்.

மதியம் பொரியல் அல்லது கூட்டுக்கு 80 கிராம், குழம்புக்கு 40 கிராம்; 1,190 தட்டுக்கு சுமார் 143 கிலோ. இரவுச் சோற்று நாளில் தட்டுக்கு 80, சப்பாத்தி நாளில் 60 கிராம். சுமார் 70 கிலோ. டிபன் சாம்பாருக்கு 10 கிலோ. ஆக நறுக்கியது 223 கிலோ. 80 சதவீதம் என்ற கணக்கில் சந்தையில் வாங்க வேண்டியது 279 கிலோ. இப்போது வாங்கும் 220 கிலோவில் நறுக்கியது 176 கிலோதான் தேறும். கடைசிப் பந்திக்குப் பொரியல் தீர்ந்துபோவது இதனால்தான்.

இந்த 279 கிலோவை ஒரே நாளில் இறக்கினால் வியாழனுக்குள் கத்தரி வாடிவிடும், கீரை அழுகிவிடும். வாரத்தில் மூன்று நாள் இறக்கச் சொல்லுங்கள். எந்தக் காய் என்று கடிதத்தில் பூட்டாதீர்கள். எடையைச் சொல்லுங்கள், காயை அன்றைய விலை பார்த்து மேனேஜர் முடிவு செய்யட்டும். பீன்ஸ் விலை ஏறினால் சௌசௌவோ முட்டைகோஸோ வாங்குவார். அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தால் மேனேஜர் உங்கள் பக்கம் வருவார். அவர் எதிர்த்தால் எந்தக் கடிதமும் நடைமுறைக்கு வராது.

6. மார்ஜினை ஒரே இடத்தில் வையுங்கள்

'பத்தாமப் போயிடுமோ' என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. தட்டு எண்ணும்போது ஒருவர் 10 சதவீதம் கூட்டுகிறார். கிராம் போடும்போது இன்னொருவர் 10 சதவீதம் கூட்டுகிறார். ஆர்டர் போடும்போது ஸ்டோர் கீப்பர் முழு மூட்டையாக்குகிறார். நம் கணக்கில் சாப்பாட்டு அரிசி 244 கிலோ. இரண்டு முறை 10 சதவீதம் ஏறினால் 295. மூட்டையாக்கினால் 300. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாரத்துக்கு 56 கிலோ கூடுதல்.

இதைக் கடிதத்தில் யாரையும் சுட்டாமல் சொல்லுங்கள். தீர்வு எளிது. கூடுதல் என்பது வாராந்திர ஆர்டரில் வேண்டாம். ஸ்டோரில் ஒரு மூட்டை அரிசியும் 5 கிலோ பருப்பும் அவசரக் கையிருப்பாக எப்போதும் இருக்கட்டும். எடுத்தால் மட்டும் அடுத்த வாரம் நிரப்பலாம். காய்கறிக்குக் கையிருப்பு வைக்க முடியாது. தீர்ந்தால் அப்பளம், ஊறுகாய் என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இன்னொன்று: கடிதத்தில் 'மூட்டை' என்று எழுதாதீர்கள். 25 கிலோவும் உண்டு, 26 கிலோவும் உண்டு. 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோப் பைகள் சகஜமாகிவிட்டன. கிலோவில் மட்டும் எழுதுங்கள்.

7. பண வரி ஒன்று, நேர்மையாக

கமிட்டியில் வார்டன் முதலில் பார்ப்பது பணத்தைத்தான். உங்கள் ஸ்டோரின் கடைசி பில் விலையை எடுத்துப் போடுங்கள். கணக்குக்காக அரிசி கிலோ 56 ரூபாய், துவரை 140, காய்கறி சராசரி 36 என்று வைத்துக்கொள்வோம். அரிசியில் 56 கிலோ குறைந்தால் 3,136 ரூபாய் மிச்சம். பருப்பு 8 கிலோ கூடினால் 1,120. காய்கறி 59 கிலோ கூடினால் 2,124. நிகரமாக வாரத்துக்கு 108 ரூபாய் கூடுதல். 200 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 54 பைசா.

'செலவே இல்லை' என்று எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். 108 ரூபாயை நீங்களே சொல்லிவிட்டால் மற்ற எண்களையும் நம்புவார்கள். அதை அவர்கள் கண்டுபிடித்தால் மற்ற எண்களையும் சந்தேகிப்பார்கள்.

8. இதோ கடிதம்

இரண்டு பக்கத்துக்குள் முடியட்டும். கணக்கு ஒவ்வொன்றும் ஒரே வடிவில் இருக்கட்டும்: தட்டு, தட்டுக்குக் கிராம், மொத்தம். அப்போதுதான் ஒரு எண்ணை மாற்றினால் எது மாறும் என்று படிப்பவருக்கே தெரியும்.

அனுப்புநர்: மாணவர் பிரதிநிதி, ஆண்கள் விடுதி
பெறுநர்: தலைவர், மெஸ் கமிட்டி (வார்டன் அவர்கள் வழியாக)

பொருள்: 200 மாணவர்களுக்கான வாராந்திர அரிசி, பருப்பு, காய்கறி அளவு – மூன்று வாரச் சோதனைக்கு அனுமதி வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

நம் விடுதியில் கடந்த வாரம் வேளைவாரியாகத் தட்டுகள் எண்ணப்பட்டன. காலை 1,000, மதியம் 1,190, இரவு 1,110, மொத்தம் 3,300. பணியாளர்களும் இதில் அடக்கம். மூன்று நாள் சமைத்த அளவும் மிஞ்சிய அளவும் மெஸ் மேனேஜர், தலைமைச் சமையலர் முன்னிலையில் எடை போடப்பட்டன. நாள்வாரிப் பதிவு இணைப்பில் உள்ளது. அதன் அடிப்படையில் பின்வரும் அளவுகளை முன்மொழிகிறோம்.

சாப்பாட்டுப் புழுங்கலரிசி:
மதியம் 1,190 தட்டு, 140 கிராம் – 166.6 கிலோ
இரவு, சோற்று நாள் (திங்கள், புதன், ஞாயிறு) 530 தட்டு, 110 கிராம் – 58.3 கிலோ
இரவு, சப்பாத்தி நாள் தயிர்சாதம் (செவ்வாய், வியாழன், சனி) 470 தட்டு, 40 கிராம் – 18.8 கிலோ
மொத்தம் 244 கிலோ (இப்போது 300)

இட்லி அரிசி:
இட்லி 320 தட்டு, 80 கிராம். தோசை 210 தட்டு, 100 கிராம் – 47 கிலோ
இதற்கு நாலில் ஒரு பங்கு உளுந்து – 12 கிலோ

பொங்கல் (புதன் காலை) 160 தட்டு: பச்சரிசி 75 கிராம் – 12 கிலோ, பாசிப்பருப்பு 25 கிராம் – 4 கிலோ

துவரம் பருப்பு:
மதியச் சாம்பார் 880 தட்டு, 25 கிராம் – 22 கிலோ
டிபன் சாம்பார் 480 தட்டு, 12 கிராம் – 6 கிலோ
ரசம் – 2 கிலோ
மொத்தம் 30 கிலோ (இப்போது 22)

காய்கறி: நறுக்கிய எடை 223 கிலோ, வாங்கும் எடை 279 கிலோ (இப்போது 220)
திங்கள் 93, புதன் 96, வெள்ளி 90 கிலோ என மூன்று முறை இறக்கலாம். காய் வகையை அன்றைய விலைக்கேற்ப மேனேஜர் தீர்மானிக்கலாம்.

வெங்காயம், தக்காளி: 3,300 தட்டு, 25 கிராம் வீதம் தலா 83 கிலோ.

இந்த வார ஆர்டர் போடும் முன் ஸ்டாக் ரிஜிஸ்டரில் உள்ள இருப்பைக் கழித்துக்கொள்ள வேண்டுகிறோம். அவசரக் கையிருப்பாக 25 கிலோ அரிசியும் 5 கிலோ துவரம் பருப்பும் தனியே இருக்கட்டும்.

கடைசி பில் விலைப்படி அரிசி, துவரம் பருப்பு, காய்கறி மூன்றிலும் சேர்த்து வாரத்துக்கு 108 ரூபாய் கூடுகிறது.

மூன்று வாரம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டுகிறோம். தொடர்ந்து இரண்டு நாள் ஏதாவது ஒரு வேளைக்குப் பற்றாக்குறை ஏற்பட்டால் கமிட்டி கூடும்வரை காத்திராமல் பழைய அளவுக்கே மேனேஜர் திரும்பலாம். தேர்வு விடுமுறை, பொங்கல், தீபாவளி வாரங்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவற்றுக்குத் தட்டு எண்ணிக்கை தனியே தரப்படும்.

இப்படிக்கு,
மாணவர் பிரதிநிதி

9. கூட்டத்தில் வரும் மூன்று கேள்விகள்

'பசங்க பசியோட போனா யார் பொறுப்பு?' என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். பதில் கடிதத்திலேயே இருக்கிறது: இரண்டு நாள் பற்றாக்குறை வந்தால் பழைய அளவு திரும்பிவிடும். ஒரு முடிவு தவறினால் எப்படித் திரும்புவது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் 'சரி' சொல்ல யாரும் பயப்பட மாட்டார்கள்.

'இந்த அளவு சத்துக்குப் போதுமா?' என்று பேராசிரியர் ஒருவர் கேட்கலாம். ஐ.சி.எம்.ஆர். கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மாதிரித் தட்டில், 2,000 கலோரி உணவுக்கு ஒரு நாளைக்குப் பருப்பு 85 கிராமும் காய்கறி 400 கிராமும் இருக்கின்றன. உங்கள் அளவு அதைத் தொடவில்லை. உளுந்து, பாசிப்பருப்பு எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆளுக்கு 40 கிராமைக் கொஞ்சம் தாண்டும். அந்த 85 கிராமில் முட்டைக்கும் இறைச்சிக்கும் இடம் உண்டு. மீதியை அவை ஈடுகட்ட வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த கட்டத்தில் சாம்பாரை 30 கிராமுக்குக் கொண்டுபோகலாம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

'மெஸ் ரிடக்‌ஷன் போடுறவங்க கணக்கு?' என்று ஸ்டோர் கீப்பர் கேட்பார். அவர் கேட்பது சரி. ஊருக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் தட்டு எண்ணிக்கை துல்லியமாகும். வியாழன் இரவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி கேளுங்கள். வெள்ளி இறங்கும் காய்கறியை அந்தப் பட்டியல் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்குத் தனிச் சமையல் என்றால் அந்தத் தட்டுகளையும் கழித்துத் தனி வரியாக எழுதுங்கள்.

10. மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம்

அனுமதி வாங்கியதோடு ஓய்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் அங்கே முந்துங்கள். சோதனை முடிந்த மறுநாள் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். வாரவாரியாக வாங்கியது, மிஞ்சியது, பற்றாக்குறை வந்த வேளைகள், பில்லில் வந்த மாற்றம் ஆகிய நான்கு வரிகள் போதும். புதன் இரவு தொடர்ந்து சோறு மிஞ்சினால் அந்த 110 கிராமை 100 ஆக்கச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு பற்றாக்குறை வந்தால் கிராமைத் தொடாதீர்கள். 170 என்ற தட்டு எண்ணிக்கை தவறாக இருக்கும், மறுபடி எண்ணுங்கள். எந்த எண் தவறு என்று பிரித்துச் சொல்ல முடிகிறவரின் கையில்தான் அடுத்த வருட மெஸ் கணக்கைக் கொடுப்பார்கள்.

ரெஸ்யூமேயில் 'மெஸ் கமிட்டி உறுப்பினர்' என்று எழுதினால் நூறு பேரில் நீங்கள் ஒருவர். '200 பேர் விடுதியில் வாரம் 3,300 தட்டுக்கான கொள்முதல் அளவைக் கணக்கிட்டு, மூன்று வாரம் சோதித்து, சாப்பாட்டு அரிசி வாங்குவதை 300 கிலோவிலிருந்து 244 ஆகக் குறைத்தேன்' என்று எழுதினால் இன்டர்வியூவில் அடுத்த பத்து நிமிடம் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். சோதனையில் உங்களுக்கு 255 கிலோ வந்திருந்தால் 255 என்றே எழுதுங்கள். எப்படி வந்தது என்று கேட்டால் இரண்டாவது கடிதத்தை அப்படியே சொல்லலாம்.